தூக்கம் கலையாத பிள்ளையிடம் காலையில் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் சிலர் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் காலை நேரத்தில் வந்து நிற்கும். முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள் என்று ஆளுக்கொரு கதை. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்து வைத்தேன். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. "குட் மார்னிங்னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு ஏன் அப்படி முறைக்கிறா?"

பெரும்பாலும் அது முறைப்பே இல்லை. கண் திறந்துவிட்டது, மூளை இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் யோசனை, பேச்சு, கவனம் எல்லாம் மந்தமாகவே இருக்கும். தூக்க ஆய்வாளர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் விழிப்பு மந்தம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக 15 முதல் 30 நிமிடத்தில் தெளிந்துவிடும். தூக்கம் போதாமல் இருந்தாலோ, ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பப்பட்டாலோ ஒரு மணி நேரம்கூட இழுக்கும்.

இதில் தாமதமாகத் தெளிவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. வாய்க்கு வந்ததை அடக்குவது, எதிரில் இருப்பவர் எந்த நோக்கத்தில் பேசுகிறார் என்று நிதானமாக எடைபோடுவது போன்ற வேலைகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பதின்ம வயதில் அந்தப் பகுதியே இன்னும் முழுதாக வளர்ந்து முடியவில்லை. அது இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆக, அரைத் தூக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் நம் குரலின் தொனி முதலில் விழுகிறது, அர்த்தம் பிறகுதான் போய்ச் சேருகிறது. நீங்கள் அன்பாகச் சொன்னீர்களா, அவசரமாகச் சொன்னீர்களா என்பதுதான் அங்கே கணக்கு.

2. "ராத்திரி சீக்கிரம் படுத்தா இதெல்லாம் வருமா? எல்லாம் அந்த போன் பண்ற வேலைதானே?"

போனுக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது. பருவ வயது தொடங்கியதும் உடலின் உள்கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சிறுவயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்கும். இந்தத் தள்ளிப்போதல் இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம். மேரி கார்ஸ்கடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்ட அதே பிள்ளை இப்போது பதினொரு மணிக்கும் முழித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. இரவு 11.15க்குத் தூங்கி காலை 6 மணிக்கு எழுந்தால் வருவது ஆறே முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றே கால் மணி நேரம் கடன், அதுவும் குறைந்தபட்சக் கணக்கில். வாரத்தின் ஐந்தாம் நாள் காலை நீங்கள் பேசப் போவது அப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் கடன் வைத்திருக்கும் ஒருவரிடம் என்பது நினைவில் இருந்தால், உங்கள் குரல் தானாகக் கொஞ்சம் இறங்கும்.

3. "சரி, அப்ப முதல் வார்த்தை என்னதான் சொல்றது?"

பதில் தேவைப்படாத ஒரு வாக்கியம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இதுதான். காலையின் முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கக் கூடாது, வேலையாக இருக்கக் கூடாது, நேரக் கணக்காகவும் இருக்கக் கூடாது. "குட் மார்னிங் கண்ணா" போதும். பெயரையோ வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையோ சேர்த்துக்கொள்ளலாம். வேண்டுமானால் கூடவே ஒரு சின்னச் செய்தி: "வெளியில மழை", "பாத்ரூம் காலியா இருக்கு", "தண்ணி மேசை மேல வச்சிருக்கேன்". அந்தச் செய்தி அவர்களுக்குப் பயன்படும், ஆனால் அவர்களிடம் எதையும் கேட்காது.

எங்கிருந்து சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். அடுத்த அறையிலிருந்து சொன்னால் குரலை உயர்த்தியாக வேண்டும், உயர்த்திய குரல் வாழ்த்தாகக் கேட்காது. அருகில் போய், எப்போதும் பேசும் குரலைவிடக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லுங்கள். வாசலை அடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்று சொன்னால் எந்த வாழ்த்தும் இன்ஸ்பெக்டர் வருகை மாதிரி ஆகிவிடும். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதிலுக்குக் காத்து நிற்பதே ஒரு கேள்விதான்.

4. "எழுந்துட்டியான்னு கேக்கிறதுகூடத் தப்பா? இதெல்லாம் நம்ம வீட்டுப் பேச்சுதானே?"

தப்பில்லை. போர்வைக்குள் இருக்கிற பிள்ளையிடம் கேட்டால் அது உண்மையான கேள்வி. எதிரில் வந்து நிற்கிற பிள்ளையிடம் "இப்பதான் எழுந்தியா?" என்று கேட்டால் அதில் கேள்வியே இல்லை, "இப்பதான்" மட்டும்தான் இருக்கிறது.

தமிழில் குற்றச்சாட்டு பெரும்பாலும் பெரிய வார்த்தைகளில் வருவதில்லை, ஒட்டுகளில் ஒளிந்துகொண்டு வருகிறது. "இன்னிக்கு நேரத்துக்குக் கிளம்புவியா?" என்பதையும் "இன்னிக்காவது நேரத்துக்குக் கிளம்புவியா?" என்பதையும் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு 'ஆவது'க்குள் நேற்று, முந்தாநாள், போன மாதம் எல்லாம் அடங்கிவிட்டது. "இன்னிக்கும் டெஸ்ட்டா?" என்பதில் உள்ள 'உம்', "எடுத்து வச்சுட்டே இல்ல?" என்பதில் உள்ள 'இல்ல', "படிச்சேதானே?" என்பதில் உள்ள 'தானே' எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. சொல்கிற நமக்கு அது காதில் விழுவதில்லை. கேட்கிற பிள்ளைக்கு அது மட்டும்தான் விழுகிறது.

'ஏன்' என்ற சொல்லும் காலையில் ஆபத்தானது. "ஏன் டல்லா இருக்க?" என்று கேட்டால் டல்லாக இருப்பதற்குக் காரணம் காட்டச் சொல்கிறோம். நான் அந்த இடத்தில் 'ஓ' போட்டுக்கொள்வேன்: "தூக்கம் பத்தலையோ." இது பாதி எனக்கு நானே சொல்லிக்கொள்வது போன்றது. பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. 'ஆ' போட்டுக் கேட்டால் பதில் வாங்காமல் விடாது. 'ஓ' கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடும்.

5. "அவன் வெறும் 'ம்' மட்டும்தான் சொல்றான். இதை இப்படியே விட்டா மரியாதை தெரியாம வளர மாட்டானா?"

காலை ஆறேகால் மணிக்கு 'ம்' என்பது முழுமையான பதில். நான் கேட்டேன், நீ இருப்பது தெரியும் என்று இரண்டு செய்தி அதில் இருக்கிறது. மரியாதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் நேரம் அது இல்லை. முதல் கேள்வியில் சொன்ன மந்தத்தில் இருப்பவரிடம் பாடம் எடுத்தால், பாடம் நிற்காது, சண்டை மட்டும் நிற்கும்.

உண்மையிலேயே மனதை உறுத்தினால் மாலையில், வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது, ஒரே ஒரு தடவை சொல்லலாம்: "காலையில நீ பேச வேண்டாம், ஒரு 'ம்' போதும். அதுவும் இல்லன்னா நீ கேட்டியா இல்லையான்னு தெரியாம நான் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கு." இது கோரிக்கை, அதில் காரணமும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதை ஒத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் நாம் இரண்டாம் தடவை சொல்லாமல் இருப்பது லாபம்தான்.

6. "எழுப்புறதும் நான், வாழ்த்துறதும் நான். அவளுக்கு என் குரலே அலாரமா ஆயிடுச்சே?"

இதுதான் நிறைய வீடுகளில் உண்மைச் சிக்கல். ஒரே குரல் இரண்டு வேலை செய்தால் வாழ்த்தும் எழுப்புதலாகவே கேட்கும். முடிந்தால் எழுப்பும் வேலையைக் கடிகாரத்திடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளையே வைக்கட்டும், கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். அலாரம் அடித்து ஐந்து நிமிடம் கழித்து நீங்கள் உள்ளே போங்கள். போனதும் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள். காலை வெளிச்சம் உள்கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கும், தூக்கத்தையும் கலைக்கும். ஆனால் இருட்டறையில் திடீரென்று பெரிய விளக்கைப் போடுவது வேறு. அது எனக்குச் செய்தால் நானும்தான் எரிந்து விழுவேன்.

கடிகாரத்தால் ஆகவில்லை, நீங்கள்தான் எழுப்பியாக வேண்டும் என்றால் இரண்டு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள், அதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முதல் சுற்றில் வாழ்த்தும் வெளிச்சமும் மட்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாம் சுற்றில் நேரம்: "ஆறு இருபது." அதற்குமேல் எதுவும் சேர்க்க வேண்டாம். மூன்றாம், நான்காம் சுற்று வந்தால் அது எழுப்பும் முறையில் உள்ள கோளாறு இல்லை, இரவுக் கணக்கில் உள்ள கோளாறு. இரண்டாம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

7. "இன்னிக்கு என்ன இருக்குன்னு எப்பதான் கேக்கலாம்?"

பிள்ளை தானாக ஒரு வாக்கியம் பேசிய பிறகு. "என் சாக்ஸ் எங்க?" என்பதும் ஒரு வாக்கியம்தான். பேச்சு அவர்கள் பக்கத்திலிருந்து வந்துவிட்டால் மந்தம் கலையத் தொடங்கிவிட்டது என்று பொருள். முகம் கழுவி வந்திருந்தால், நடை வேகம் பிடித்திருந்தால், உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதுவும் அடையாளம். எங்கள் வீட்டில் அது எழுந்து 25 நிமிடம் கழித்து. என் தங்கை மகனுக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்பதைவிட, இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பது சுலபம். பாத்திரம் கழுவும்போது, பை எடுத்துவைக்கும்போது, செருப்பு போடும்போது. கை வேலையில் இருந்தால் மௌனம் சங்கடமாகத் தெரியாது. அப்படி ஒரு நேரமே அமையவில்லை என்றால் அன்று கேட்க வேண்டாம், மாலை இருக்கிறது.

8. "நானும் நைசாத்தான் கேக்கிறேன். எப்படிக் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல', 'தெரியல'. என்ன பண்றது?"

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது 16 வயது. திங்கட்கிழமை நான் கேட்டது: "இன்னிக்கு நாள் எப்படி இருக்கும்?" பதில், "தெரியல." பிறகு யோசித்தால் அவள் சொன்னது உண்மை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நாள் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சொல்ல வேண்டும். எழுந்து அரை மணி நேரம் ஆன ஒருவருக்கு அது பெரிய வேலை. செவ்வாய்க்கிழமை சின்னதாகக் கேட்போம் என்று "கணக்கு டெஸ்ட்டுக்கு ரெடியா?" என்றேன். "ரெடின்னு நேத்தே சொன்னேன்ல!" கேள்வி சின்னதுதான், ஆனால் அதில் மதிப்பெண் போடும் வாசனை இருந்தது. ரெடி என்றால் நான் சோதிப்பேன், இல்லை என்றால் திட்டுவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. புதன்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வகுப்பில் குழுவாகப் பேச வேண்டிய நாள் என்று அவள் முந்தைய வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. தலை வாரிக்கொண்டிருந்தவளிடம், "இன்னிக்குப் பேசப்போறது உங்க குரூப்பா, அடுத்த குரூப்பா?" என்றேன். "நாங்கதான். நான் மூணாவது." நான் "ஓ" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். "முதல் ஆளா வேண்டாம்னு நானே கேட்டு வாங்கினேன்." மறுபடியும் ஓ. அப்புறம் வந்தது உண்மையான விஷயம்: "மைக் கிடையாதாம்."

இந்தக் கேள்வி ஏன் வேலை செய்தது என்றால், அவளே சொன்ன ஒரு விஷயத்தை நான் நினைவு வைத்திருந்தேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிந்தது. எந்தப் பதில் சொன்னாலும் அதில் நல்லது கெட்டது இல்லை. இந்த மூன்றும் இருந்தால் கேள்வி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சரி, அதன் பிறகு நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். மைக் இல்லை என்றதும் "அதனால என்ன, சத்தமா பேசு, கடைசி வரிசையைப் பாத்துப் பேசு" என்று ஆரம்பித்துவிட்டேன். சீப்பை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் "மைக் இல்லாமயா" என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள். மாலையில் "கடைசி வரிசைக்குக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பத்து நிமிடப் பதில் கிடைத்தது.

9. "ஆனா சில விஷயம் கட்டாயம் கேட்டே ஆகணும். எத்தனை மணிக்கு வருவே, யார் கூட்டிட்டு வரது, பணம் கட்டியாச்சா... இதுக்கெல்லாம் நேரம் பாத்துட்டு இருக்க முடியுமா?"

முடியாது. அதனால் அவற்றை முந்தைய இரவுக்குத் தள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பெரும்பாலான பதின்ம வயதுக்காரர்கள் நல்ல விழிப்பில் இருப்பார்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன உள்கடிகாரம் இங்கே உங்களுக்கு உதவுகிறது. ஒரு காகிதத்தில் நாளைய நேரம், யார் வருவது, என்ன எடுத்துப்போக வேண்டும் என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டால் காலையில் நீங்கள் கேட்க வேண்டியதில்லை, காகிதத்தைக் காட்டினால் போதும்.

மறந்துபோய்க் காலையிலேயே கேட்க வேண்டி வந்தால், பதிலைத் தேட வைக்காமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வையுங்கள்: "அஞ்சு மணியா, ஆறு மணியா?" ஒரே ஒரு விஷயம். இரண்டாவது நினைவுக்கு வந்தால் அதை எழுதி அனுப்புங்கள்.

10. "'எதுக்குக் கேக்கிற?'ன்னு திருப்பிக் கேக்கிறான். எனக்குச் சுருக்குன்னு இருக்கு."

சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு உண்மையான காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். "நீ வர நேரம் தெரிஞ்சா நான் வெளிய போற வேலையை அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்குவேன்." காரணம் வெறும் ஆசைதான் என்றால் அதையும் சொல்லலாம்: "சும்மாதான். நாள் பூரா உன்னைப் பாக்க மாட்டேன்ல." காரணம் சந்தேகம் என்றால், அதைச் 'சும்மா' என்று மூடி மறைக்க வேண்டாம். அரைத் தூக்கத்திலும் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தேகத்தை மாலையில் நேராகப் பேசுங்கள்.

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது என்றால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: காலையில் அவன் சொன்ன தகவல்கள் மாலையில் என்ன ஆகின்றன? "இன்னிக்கு பிராக்டிஸ் இல்ல" என்று காலையில் சொன்னது, மாலையில் "பிராக்டிஸ் இல்லன்னு சொன்னியே, அப்ப ஏன் லேட்டு?" என்று திரும்பி வந்தால், அடுத்த நாள் அவன் எதையும் சொல்ல மாட்டான். சொன்னதை உறவினரிடம் போனில் பகிர்ந்துகொள்வதும் இதே விளைவைத் தரும், அதுவும் அவன் காதில் விழும்படி சிரித்துக்கொண்டே சொன்னால் கேட்கவே வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஒரு அப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

11. "நேத்து ராத்திரி பெரிய சண்டை. காலையில ஒண்ணும் நடக்காத மாதிரி குட் மார்னிங் சொல்றதா?"

அதே வாழ்த்து, அதே குரலில். அன்றைக்கு மட்டும் வாழ்த்தை நிறுத்தினால் அது தண்டனையாகிவிடும். அன்றைக்கு மட்டும் அளவுக்கு மீறிக் கொஞ்சினால் அது லஞ்சம் மாதிரி தெரியும். உங்கள் பக்கம் தவறு இருந்திருந்தால் கூடவே ஒரு வரி சேர்க்கலாம்: "நேத்து நான் கத்தினது தப்பு. சாயங்காலம் பேசலாம்." 'ஆனா' என்று தொடரக் கூடாது. "கத்தினது தப்புதான், ஆனா நீயும்..." என்று போனால் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும், இந்தத் தடவை இரண்டு பேருக்கும் தூக்கம் போதாமல்.

12. "நான் இப்படிப் பக்குவமா பேசினா, அவங்க அப்பா வந்து ஒரே வார்த்தையில கெடுத்துடறார்."

பெரியவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி பேசவைக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும்: காலையில் முதல் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு பெரியவர்தான் நேரத்தைப் பற்றிப் பேசுவார். இரண்டு பேர் மாறி மாறி "மணி ஆச்சு" என்றால் பிள்ளை இருவரிடமும் காதை மூடிக்கொள்ளும். அப்பா சொல்வது பலிக்கும் வீடும் இருக்கிறது, பாட்டி சொல்வது பலிக்கும் வீடும் இருக்கிறது. யார் சொன்னால் சண்டை குறைவோ அவர் சொல்லட்டும். மற்றவர்களுக்கு வாழ்த்து மட்டும்.

13. "லீவு நாள்ல பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குறா. எழுப்பலாமா, வேண்டாமா?"

கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும், கடன் இருக்கிறதே. ஆனால் வழக்கத்தைவிட ஆறு மணி நேரம் தள்ளி எழுந்தால் உள்கடிகாரம் இன்னும் பின்னால் போய்விடும், அன்று இரவு தூக்கம் வராது, அடுத்த நாள் காலை மறுபடியும் முதல் கேள்வி. ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதல் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. அதை லீவு நாள் காலையில் அறிவிக்காமல் முந்தைய நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து வந்ததும் "ஓ, மகாராணி எழுந்தாச்சா" என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். வேடிக்கையாகத்தான் சொல்கிறோம், ஆனால் நான்காம் கேள்வியில் சொன்ன ஒட்டுகளைவிட இது மோசம்.

14. "இது வெறும் தூக்கம்தானா, வேற ஏதாவதா? எனக்குப் பயமா இருக்கு."

தூக்கமாக இருந்தால் நாள் ஏற ஏறத் தெளியும். மதியத்திலோ மாலையிலோ பழைய பிள்ளையைப் பார்க்க முடியும், நண்பர்களோடு சிரிப்பார்கள், பிடித்த விஷயத்தில் ஆர்வம் இருக்கும். காலை எரிச்சல் நாள் முழுவதும் நீண்டு, பிடித்த விஷயங்களையும் விட்டுவிட்டு, சாப்பாடு, தூக்கம், நட்பு எல்லாம் மாறி, இரண்டு வாரம் போல அப்படியே நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். போதிய நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை, பலமாகக் குறட்டை விடுகிறார்கள், மூச்சு நின்று நின்று வருகிறது என்றாலும் பார்க்க வேண்டும். இரத்தசோகை போன்ற உடல் காரணங்களும் இருக்கலாம்.

வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேச்சு வந்தால் 'ஓ' போட்டுவிட்டு நகரும் முறை இங்கே பொருந்தாது. காலையாக இருந்தாலும் சரி, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

15. "மூணு வாரமா நீங்க சொன்ன மாதிரிதான் செய்றேன். இன்னும் 'ம்'தான். எதுவுமே மாறலையே?"

எதை எண்ணிப் பார்க்கிறீர்கள்? பிள்ளை எத்தனை வார்த்தை பேசியது என்று எண்ணினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலையில் எத்தனை தடவை குரல் உயர்ந்தது, கதவு எத்தனை தடவை அறையப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் மாறுவது அதுதான். அப்புறம், பேச்சு வருகிற நேரம் நீங்கள் எதிர்பார்க்கிற நேரமாக இருக்காது. காலையில் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் இரவு பத்தரைக்கு, நீங்கள் விளக்கை அணைக்கப் போகும்போது, வாசலில் வந்து நின்று "உனக்கு ஒண்ணு தெரியுமா" என்று தொடங்கும். அப்போது உங்களுக்குத்தான் தூக்கம் வரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். முடியவில்லை என்றால் "எனக்குக் கண்ணு சொக்குது, நாளைக்குச் சாயங்காலம் முதல் வேலையா இதைக் கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் சாயங்காலம் மறக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள்.